இழுக்காதே, பிடித்து நில்

தரைப்பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் ஓடுகிறது. பைக்கை உருட்டிக்கொண்டு பாதி தூரம் வந்தவர் சறுக்கி விழுகிறார். பைக் போகிறது, பின்னாலேயே அவரும் போகிறார். கரையில் நிற்கும் இருபது பேரில் ஒருவர் சட்டையைக் கழற்றுகிறார், இன்னொருவர் செல்போனை எடுக்கிறார். நீச்சல் தெரிந்தவர் குதித்தால் பெரும்பாலும் காப்பாற்ற வேண்டியவர்கள் இரண்டு பேராகிவிடுகிறார்கள். வெள்ளத்தில் மீட்புப் பயிற்சி எடுத்தவர்கள் தண்ணீரில் இறங்குவதைக் கடைசி வழியாகத்தான் வைத்திருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரமென்றால் கழியை நீட்டுவார்கள். எட்டவில்லை என்றால் கயிற்றை வீசுவார்கள்.

கயிறு வீசுவதில் என்ன பெரிய வித்தை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் வீசிப் பார்த்தேன். முதல் வீச்சு அருமையாகப் பறந்து பதினைந்து மீட்டர் தள்ளி விழுந்தது. கயிற்றின் இந்த முனையும் கூடவே பறந்துபோய் அங்கே விழுந்தது, நான் பிடித்திருக்கவில்லை. பந்து பொறுக்க வந்த பையன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. பயிற்சி வகுப்புகளில் புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு இது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதலில் கயிறு. கடையில் போய் நைலான் கயிறு என்று கேட்டால் பளபளவென்று பல நிறங்களில் எடுத்துப் போடுவார்கள். அதில் பெரும்பாலானவை நைலானே அல்ல, பாலிபுரோப்பிலீன். இந்தப் பெயர்க் குழப்பம் நமக்கு நல்லதாகவே முடிகிறது. அசல் நைலான் தண்ணீரைவிடக் கனமானது, மூழ்கிவிடும். பாலிபுரோப்பிலீனின் அடர்த்தி தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்குதான், எவ்வளவு நேரம் ஊறினாலும் மிதக்கும். தேங்காய் நார்க் கயிறு ஊறிக் கனத்துவிடும். மூழ்கும் கயிறு அடியில் கல்லிலும் வேரிலும் மாட்டிக்கொள்ளும், போகிறவர் கண்ணுக்கும் தெரியாது. சந்தேகமிருந்தால் கயிற்றின் ஒரு துண்டை வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தால் போதும். கனம் 8 முதல் 10 மில்லிமீட்டர் இருக்கலாம். அதைவிட மெலிந்தது நனைந்த கையை அறுக்கும். நீளம் 20 மீட்டர் தாராளம், அதற்கு மேல் கையால் வீசிச் சேர்ப்பது கடினம்.

அந்தக் கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றி வைத்தால் வீசும்போது சிக்கும். அதனால் ஒரு பையில் திணிக்கிறார்கள். ஒரு முனையைப் பையின் அடியில் கட்டிவிட்டு, மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளிக்கொண்டே வர வேண்டும். கடைசியில் உள்ளே போனது முதலில் வெளியே வரும், அதனால் பை பறக்கும்போது கயிறு தானாக உருவிக்கொண்டு வருகிறது. மேல்நாட்டு மீட்புக் குழுக்கள் இதற்கென்றே தைத்த பைகளை வாங்குகின்றன. நான் பயன்படுத்தியது ஒரு மஞ்சப்பை. வாய் அகலமாக இருந்ததால் குறை சொல்லும்படி எதுவும் இல்லை. பைக்குள் ஒரு துண்டு தெர்மக்கோலைப் போட்டுவிட்டால் பையும் மிதக்கும்.

இனி நேரக் கணக்கு. வாய்க்கால் 15 மீட்டர் அகலம், தண்ணீரின் வேகம் விநாடிக்கு இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர், சைக்கிளை மெதுவாக மிதிக்கிற வேகம். நடு ஓட்டத்தில் ஒருவர் வருகிறார். நம் வீச்சு 15 மீட்டர் என்றால், அவர் அந்த எல்லைக்குள் நுழைவதிலிருந்து வெளியேறுவது வரை சுமார் 10 விநாடி. இந்த 10 விநாடிக்குள் கூப்பிட வேண்டும், அவர் நம்மைப் பார்க்க வேண்டும், வீச வேண்டும், அவர் பிடிக்க வேண்டும். பை காற்றில் இருக்கும் ஒரு விநாடியில் அவர் இரண்டரை மீட்டர் நகர்ந்திருப்பார். அதனால் குறி அவர் தலையல்ல, அவர் வந்து சேரப்போகும் இடம். அதையும் தாண்டி அப்பால் பை விழ வேண்டும், கயிறு அவர் மேல் குறுக்கே கிடக்க வேண்டும். தவறி ஒரு மீட்டர் தள்ளி விழுந்தாலும் பதற வேண்டியதில்லை. மிதக்கும் கயிற்றையும் மனிதரையும் ஒரே தண்ணீர்தான் கொண்டுபோகிறது, இரண்டுக்கும் இடைவெளி சட்டென்று மாறிவிடாது. கயிறு இறுகும்வரை கை நீட்டி எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கிலிருந்தே எங்கே நிற்பது என்பதும் வந்துவிடுகிறது. விழுந்த இடத்துக்கு ஓடிப் பயனில்லை. நாம் ஓடிச் சேர்வதற்குள் அவர் அங்கே இருக்க மாட்டார். நீரோட்டம் போகும் திசையில் கீழே போய்க் காத்திருக்க வேண்டும். ஆட்களும் கயிறுகளும் இருந்தால் இருபது, முப்பது மீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று பேர் நிற்பார்கள். முதல் ஆள் தவறவிட்டால் இரண்டாவது ஆளுக்கு வாய்ப்பு.

அவர் கயிற்றைப் பிடித்துவிட்டார். இப்போதுதான் கரையில் இருப்பவர்கள் பெரும்பாலும் தப்பு செய்கிறார்கள், ‘இழு, இழு’ என்று கத்திக்கொண்டு.

ஓடும் நீரில் ஒரு மனித உடலை அசையாமல் நிறுத்தினால், நாம் எடுத்துக்கொண்ட வேகத்தில் அதன்மேல் விழும் தள்ளுவிசை 50 கிலோ எடைக்குக் கொஞ்சம் அதிகம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு, 200 கிலோவைத் தாண்டிவிடும். நின்றுகொண்டு இதை எதிர்த்து இழுக்கப் பார்த்தால், கயிறு இறுகும் அந்த ஒரு நொடியில் கரையிலிருப்பவர் தண்ணீருக்குள் போவார். அல்லது பிடித்திருப்பவரின் கை நழுவும். இழுக்கத் தேவையும் இல்லை. கயிறு இறுகியவுடன் அவர் ஊஞ்சலில் தொங்குகிற ஆள் போல ஆகிறார். ஊஞ்சலின் கொக்கி நம் கை, கீழே இழுக்கும் புவியீர்ப்புக்குப் பதில் இங்கே நீரோட்டம். தண்ணீர் அவரைக் கீழ்நோக்கித் தள்ள, கயிறு தூரம் போகவிடாமல் தடுக்க, அவர் ஒரு வளைகோட்டில் நகர்ந்து தானாகவே நம் கரைக்கு வந்து ஒதுங்குவார். நாம் செய்ய வேண்டியதெல்லாம் கொக்கியாக இருப்பது.

அதற்கு உட்கார்ந்துவிட வேண்டும். கயிற்றை முதுகுக்குப் பின்னால் இடுப்போடு சுற்றிக் கொண்டுவந்து, குதிகாலை ஒரு கல்லில் முட்டுக்கொடுத்துப் பிடிப்பது வழக்கம். முதல் வெட்டு இழுப்பு வரும்போது ஒரு மீட்டர் கயிற்றை நழுவவிட்டால் அதிர்ச்சி குறையும். பக்கத்தில் மரம் இருந்தால் அதைச் சுற்றி ஒரு சுற்று போட்டுப் பிடிக்கலாம், உராய்வே பெரும்பகுதி விசையைத் தாங்கிவிடும். ஆனால் முடிச்சுப் போடக் கூடாது. கையில் சுற்றிக்கொள்ளவும் இடுப்பில் கட்டிக்கொள்ளவும் கூடாது. நிலைமை மோசமானால் விட்டுவிட முடிகிற கயிறுதான் பாதுகாப்பான கயிறு. தண்ணீரில் இருப்பவருக்கும் இதே விதி.

அவரிடம் கத்திச் சொல்ல வேண்டியது இரண்டு: மல்லாந்து படுங்க, கயிற்றைத் தோளுக்கு மேலே போட்டு நெஞ்சில் பிடிங்க. நம்மைப் பார்த்துக்கொண்டு குப்புறக் கிடந்தால் தண்ணீர் முகத்தில் மோதி மூக்கிலும் வாயிலும் ஏறும். மல்லாந்திருந்தால் தலைக்குப் பின்னால் மோதிப் பிரிந்து போகும், முகத்தைச் சுற்றி மூச்சுவிடக் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

ஊஞ்சல் கணக்கு புரிந்தால் பாலத்தின் மேலிருந்து கயிறு விடுவது ஏன் மோசம் என்பதும் புரியும். பாலத்திலிருந்து பிடித்தால் கயிறும் நீரோட்டமும் ஒரே கோட்டில் இருக்கும். பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ள எதுவும் இல்லை. அவர் நடு ஆற்றிலேயே கொடி போலத் தொங்குவார், முழு விசையும் அவர் கைகளில் விழும். 1992 பிப்ரவரியில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் ஆற்றில் 15 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டான். இருபுறமும் கான்கிரீட் சரிவு, வழியெங்கும் பாலங்கள், மீட்க முயன்றவர்கள் கையில் கயிறுகள். எதுவும் பலிக்கவில்லை. அதன் பிறகே அந்தப் பகுதியில் விரைவோட்ட நீருக்கென்று தனிப் பயிற்சி பெற்ற குழுக்கள் உருவாயின. பாலத்தைத் தவிர வேறு இடம் இல்லையென்றால், பிடித்தவுடன் கயிற்றோடு கரைப் பக்கம் நடந்துவிட வேண்டும். பிடிப்பு கரைக்கு வந்ததும் ஊஞ்சல் வேலை செய்ய ஆரம்பிக்கும்.

ஊஞ்சல் எங்கே போய் நிற்கும் என்று வீசுவதற்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும். பத்து மீட்டர் கயிறு வெளியே இருந்தால் அவர் ஏறக்குறைய பத்து மீட்டர் கீழே கரை சேருவார். அங்கே சீமைக் கருவேலம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்தால், தண்ணீர் முள்ளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சல்லடையில் மாட்டிய சக்கை போல அழுத்தப்படுவார். மதகோ குழாய்ப் பாலமோ இருந்தாலும் அப்படித்தான். அந்த இடத்தில் வீசாமல் இருப்பதே மேல்.

கயிறு கைக்கு வந்தும் பிடிக்கத் தெம்பில்லை என்றால்? இங்கேதான் மிதவை வேண்டும். மனித உடலின் அடர்த்தி கிட்டத்தட்டத் தண்ணீரின் அடர்த்திதான். தலையை மேலே வைத்திருக்க ஐந்தாறு கிலோ கூடுதல் தூக்கல் போதும். கப்பல்களில் தொங்கும் வளைய மிதவை, நன்னீரில் 14.5 கிலோ இரும்பை 24 மணி நேரம் தாங்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நம் வீட்டில் இருப்பது 5 லிட்டர் எண்ணெய் கேன். மூடியை இறுக்கினால் அது ஏறக்குறைய 5 கிலோ தூக்கும். இரண்டைச் சேர்த்துக் கட்டினால் அணைத்துக்கொண்டு கிடக்கலாம். ஆனால் காலிக் கேனை வீசினால் காற்று அதைத் திருப்பிவிடும். மைதானத்தில் எனக்கு ஏழு மீட்டருக்கு மேல் போகவே இல்லை. அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி மூடியதும் பன்னிரண்டு மீட்டர் போனது. தூக்கலில் இழப்பு அரைக் கிலோ மட்டும். அந்தக் கனத்தில் அது தலையில் பட்டால் காயம்தான், அதனால் இதையும் ஆளைத் தாண்டித்தான் வீச வேண்டும்.

வீச்சு தவறினால் கயிற்றைத் திரும்பப் பையில் திணிக்க நேரம் கிடையாது. எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அவர் 150 மீட்டர் போயிருப்பார். கயிற்றை மளமளவென்று காலடியில் இழுத்துப் போட்டு, பையில் கொஞ்சம் தண்ணீர் மொண்டு கனமாக்கி அப்படியே மறுபடி வீசுகிறார்கள். காலடியில் கிடக்கும் கயிற்றை மிதித்துக்கொண்டு வீசக் கூடாது. அதையும் நான் செய்து பார்த்துவிட்டேன்.

பையை ஆற்றங்கரைக் கம்பத்தில் மாட்டி வைக்கலாம் என்று தோன்றும். வெயில் படாத இடமாக இருக்கட்டும். பாலிபுரோப்பிலீனுக்கு எதிரி தண்ணீரல்ல, சூரியன். இரண்டு கோடை வெளியில் கிடந்த கயிற்றை விரலால் தேய்த்தால் பொடிப்பொடியாக நார் உதிரும். உதிர்ந்தால் அது துணி காயப்போடத்தான் ஆகும்.