மேல் வீட்டுக் குளியலறை ஒழுகும்போது

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணியில் பல வீடுகளில் உறவினர் வந்து தங்குவார்கள். இரண்டு பேர் குளித்த குளியலறையில் பத்துப் பேர் குளிப்பார்கள். அதுவரை தெரியாமல் கசிந்த தண்ணீர் கீழ் வீட்டுச் சீலிங்கில் பழுப்புக் கறையாகத் தெரிவது பெரும்பாலும் அப்போதுதான். உடனே மாடியேறிச் சண்டை போடத் தோன்றும். அதற்கு முன் செய்ய வேண்டியவை இரண்டு.

முதலில் மின்சாரம். கறை மின்விசிறிக்கோ விளக்குக்கோ அருகில் இருந்தால் அந்த அறையின் எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதீர்கள். பூச்சு உப்பியிருந்தாலும், நீண்ட குச்சியால் தட்டும்போது பொள்ளலாக ஒலித்தாலும், அதன் கீழே கட்டிலோ தொட்டிலோ இருக்கக் கூடாது. கம்பி துருப்பிடித்துப் பருத்தால் காரை பெயர்ந்து விழும்.

அடுத்தது, எப்போது சொட்டுகிறது என்று இரண்டு நாள் குறித்து வையுங்கள். இரவு பகலாக ஒரே சீராகச் சொட்டினால், எந்நேரமும் தண்ணீர் நிற்கும் குழாயில் கசிவு இருக்கலாம். மாடியில் குளித்த சிறிது நேரத்தில் தொடங்கி இரவில் குறைந்தால், கழிவுக் குழாயையோ குளியலறைத் தரையையோ சந்தேகிக்கலாம். மழையன்று மட்டும் என்றால் வெளிச்சுவரையோ மொட்டை மாடியையோ பார்க்க வேண்டும். மேல் வீட்டார் மேல் தவறே இல்லாமலும் இருக்கலாம்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கீழே சொந்தக்காரக் குடும்பம். மாடி வேறொருவருக்குச் சொந்தம்; அவர் அரக்கோணத்தில் இருக்கிறார், மாடியில் குடியிருப்பது வாடகைக் குடும்பம். கீழ் வீட்டுப் பெண் மாலையில் ஏறிப் போய்ச் சொல்கிறார்: "அக்கா, எங்க படுக்கையறை சீலிங்ல ஈரம் இருக்கு. காலையில நீங்க குளிச்ச அப்புறம் சொட்டுது, ராத்திரி குறைஞ்சிடுது. ஒரு தடவை கீழ வந்து பாக்கறீங்களா?" தண்ணீரை வீணாக்குகிறீர்கள் என்ற பேச்சே இல்லை. அந்த அக்கா வந்து கறையைப் பார்த்துவிட்டால் பாதி வாக்குவாதம் குறையும்.

அடுத்து இருவரும் சேர்ந்து சோதிக்கலாம். குளியலறைத் தரையின் நீர்ப்போக்கியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, இரண்டு விரற்கடை உயரம் தண்ணீர் நிறுத்தி, கேசரிப் பவுடர் கொஞ்சம் கலந்து, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் குறித்து ஒரு நாள் விட வேண்டும். அந்த ஒரு நாள் அவர்கள் வேறிடத்தில் குளிக்க வேண்டியிருக்கும், அதனால் அவர்களுக்கு வசதியான நாளைக் கேளுங்கள். துணி நன்றாக அடைத்தும் மட்டம் இறங்கி, கீழே ஈரம் கூடினாலோ அந்த நிறம் தெரிந்தாலோ தரையில் கசிவு. தரை தாங்கினால் துணியை எடுத்துவிட்டு நீர்ப்போக்கியில் வாளி வாளியாக ஊற்றுங்கள். அப்போது சொட்டினால் குழாய் இணைப்பில் கோளாறு.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. பல குளியலறைகளில் தளத்தைத் தாழ்த்தி, குழாய் பதித்து, மேலே செங்கல் ஜல்லி நிரப்பியிருப்பார்கள். அதில் தேங்கிய தண்ணீர், குளிப்பதை நிறுத்திய பிறகும் பல நாள் சொட்டும். "நாங்கதான் தண்ணியே ஊத்தலையே" என்று அவர்கள் சொல்வது உண்மையாக இருந்தும், கசிவு அங்கிருந்தே வரலாம்.

இணைப்புக் கோளாறை அந்த இடத்தைத் திறந்து சரிசெய்யலாம். தரையின் நீர்த்தடுப்புப் பூச்சு போயிருந்தால் டைல்ஸைப் பெயர்த்துப் புதுப் பூச்சு அடித்து, மறுபடி தண்ணீர் நிறுத்திப் பார்த்த பிறகே டைல்ஸ் பதிக்க வேண்டும். கீழிருந்து நீர்த்தடுப்புப் பெயிண்ட் அடிப்பதை நான் எதிர்க்கிறேன். கறை மறையும், தண்ணீர் தளத்துக்குள் அடைபட்டுக் கம்பியைத் தின்னும்.

செலவு யாருடையது? நாம் எடுத்துக்கொண்ட வீட்டில் வாடகைக் குடும்பம் டைல்ஸைப் பெயர்க்க முடியாது. 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் சட்டம் கட்டமைப்புப் பழுதையும் தேவைப்படும்போது குழாய் மாற்றுவதையும் உரிமையாளரின் பொறுப்பாகவும், குழாய் வாஷர், வடிகால் சுத்தம் போன்றவற்றை வாடகைதாரரின் பொறுப்பாகவும் வைக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதையும் பாருங்கள். ஆகவே அரக்கோணத்துக்காரருக்குத் தேதியிட்ட படங்கள், சோதனை நடந்த நாள், எந்த நாளுக்குள் பழுது பார்க்க வேண்டும் என்பவற்றை எழுதி பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பிலும் அனுப்பலாம். புது அடுக்குமாடியாக இருந்து, ரெரா சட்டத்துக்குள் வரும் திட்டம் என்றால், வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் தெரிவிக்கும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும்.

பதிலே வராவிட்டால் வட்டச் சட்டப்பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு கொடுக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்டு வழி அறியலாம். லோக் அதாலத்தில் சமரசம் பதிவானால் அது நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். அதுவும் ஆகாவிட்டால், பழுது பார்க்க உத்தரவும் நஷ்டஈடும் கேட்டு உரிமையியல் வழக்கு. அங்கே மாடித் தண்ணீர்தான் காரணம் என்று நீங்களே நிரூபிக்க வேண்டும். இரண்டு நாள் எழுதி வைத்த நேரக் குறிப்பும், இருவரும் பார்த்துக் கையெழுத்திட்ட சோதனைக் குறிப்பும் அப்போது சாட்சியாகும்.