புதிய பேட்ச் பற்றி பெற்றோருக்கு ஒரு மின்னஞ்சல்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் டியூஷன் சென்டர்கள் பொதுத்தேர்வுக்கான புதிய பேட்சைத் தொடங்கும். அதை அறிவிக்கும் மின்னஞ்சலின் பொருள் வரியிலேயே வகுப்பு, பாடத்திட்டம், பாடம், தொடங்கும் நாள் நான்கும் இருக்க வேண்டும். “பத்தாம் வகுப்பு, மாநிலப் பாடத்திட்டம், கணிதத் திருப்புதல் பேட்ச், ஜனவரி 10 முதல்” என்றிருந்தால், தன் பிள்ளைக்கு இது பொருந்துமா என்று திறக்காமலே தெரிந்துவிடும். பாடத்திட்டத்தை விட்டுவிடக் கூடாது. மாநிலக் கணிதத் தாள் 100 மதிப்பெண்ணுக்கு. சிபிஎஸ்இ தாள் 80 மதிப்பெண்ணுக்கு. கேள்விகளின் அமைப்பும் வேறு.

அடுத்து, பேட்ச் யாருக்கு என்பது. பல மின்னஞ்சல்கள் தடுமாறுவது இங்கேதான். ஒன்பது வாரம், வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 27 வகுப்புகள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் எட்டு இயல்கள். இயலுக்கு மூன்று வகுப்பு போக, மிஞ்சுவது மூன்றே. ஒருமுறை படித்த பாடத்தைத் திருப்பிப் பார்க்க இது போதும். முக்கோணவியலை முதன்முறையாகப் புரிந்துகொள்ளப் போதாது. “பள்ளியில் பாடம் முடித்தவர்களுக்கான திருப்புதல் இது, அடிப்படையிலேயே சிரமப்படும் மாணவருக்குத் தனி வகுப்பு தேவைப்படும்” என்று எழுதுவதால் சில சேர்க்கைகள் குறையலாம். ஆனாலும் அந்த வரி இருந்தே ஆக வேண்டும். அது இல்லாவிட்டால், பிப்ரவரியில் பிள்ளை பின்தங்கி நிற்கும்போதுதான் பெற்றோருக்கு விஷயம் தெரியவரும்.

மாதிரித் தேர்வைப் பற்றி “வாரந்தோறும் டெஸ்ட்” என்று மட்டும் சொன்னால் போதாது. பொதுத்தேர்வு மூன்று மணி நேரம். ஒன்றரை மணி மாலை வகுப்பில் முழுத்தாள் எழுத முடியாது. எனவே ஞாயிறு காலை என்று தேதியோடு குறிப்பிட வேண்டும். செய்முறை வடிவியலும் வரைபடமும் எட்டெட்டாக 16 மதிப்பெண் தருபவை. கடைசி அரை மணியில் இவற்றை அவசரமாக வரைந்து பிழை விடுவது முழுத்தாள் எழுதும்போதுதான் வெளிப்படும். திருத்திய தாள் எந்த நாளில் கைக்கு வரும் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளித் திருப்புதல் தேர்வு நாள்களில் வகுப்பு கிடையாது என்றால் அதையும் இங்கேயே சேர்க்கலாம்.

கட்டணத்தை “நேரில் தெரிவிக்கப்படும்” என்று விடக் கூடாது. மொத்தத் தொகை, தவணை, நடுவில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். “நூற்றுக்கு நூறு உறுதி” போன்ற வாக்குறுதி வேண்டாம். 2024 ஜனவரியில் மத்திய கல்வி அமைச்சகம் வெளியிட்ட பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டுதலும், நல்ல மதிப்பெண்ணுக்கு உறுதி தருவதைக் கூடாது என்கிறது.

அனுப்பும்போது பெற்றோரின் முகவரிகளை Bcc கட்டத்தில் இட வேண்டும். To கட்டத்தில் இட்டால், ஒவ்வொருவர் முகவரியும் மற்ற எல்லோருக்கும் தெரிந்துவிடும்.