ஓசூரில் ஒளிந்திருக்கும் பகரம்

பெங்களூருப் பேருந்தின் நெற்றியில் ‘ஹொசூரு’ என்று கன்னடத்தில் எழுதியிருக்கும். ஹொஸ என்றால் புதிய, ஊரு என்றால் ஊர். நாம் ஓசூர் என்று சொல்லிக்கொண்டிருப்பது புத்தூரைத்தான்.

எழுத்துகளை அடையாளம் காணப் பழகிவிட்ட தமிழருக்குக் கன்னடத்தில் முதலில் உதவும் சாவி இந்த ‘ஹ’. பழங்கன்னடத்தில் சொல்லின் முதலில் இருந்த பகரம், பத்தாம் நூற்றாண்டு வாக்கிலிருந்து மெல்ல ஹகரமாகத் தேய்ந்தது. பால் ஹாலு, பல் ஹல்லு, பத்து ஹத்து, புலி ஹுலி, பசி ஹசிவு. ஈற்றில் ஒட்டும் உகரத்தைப் பொருட்படுத்த வேண்டாம். தெலுங்கில் இந்தத் தேய்வு நடக்கவில்லை. அங்கே பால் பாலுதான், புலி புலிதான்.

இரண்டாவது சாவி, நம் வகரம். அது கன்னடத்தில் ‘பம்பரம்’ என்பதில் உள்ள இரண்டாவது பகரத்தின் ஒலியைப் பெறும். அந்த ஒலிக்கு அங்கே தனி எழுத்து உண்டு. ‘பால்’ பகரத்தோடு அதைக் குழப்பிக்கொண்டால் கணக்கு தப்பிவிடும். வேர் பேரு, வெல்லம் பெல்ல. தாவணகெரேயின் பெயர்பெற்ற பெண்ணெ தோசெ, வெண்ணெய்த் தோசை.

இனி பழக்கடைக்குப் போவோம். பலகையில் ‘பாளெஹண்ணு’. முதல் எழுத்து அந்தத் தனி எழுத்து, எனவே வகரம். கன்னடத்தில் ழகரம் வழக்கொழிந்து பெரும்பாலும் ளகரமாகிவிட்டதால் ‘ளெ’யை ‘ழை’ ஆக்கிப் பார்க்கலாம். நம் ஈற்று ஐகாரம் அங்கே எகரம். வாழை கிடைத்துவிட்டது. ‘ஹண்ணு’வில் ஹகரத்தைப் பகரமாக்கினால் பண்ணு. தெலுங்கில் அது பண்டு, தமிழில் பழம். இந்த இடத்தில் விதி பாதிவழிதான் கொண்டுவிடும்; மீதியை, வாழைக்குப் பின்னால் வேறென்ன வரும் என்கிற பொதுப்புத்தி பார்த்துக்கொள்ளும்.

உயிரெழுத்து முரண்டு பிடிப்பதும் உண்டு. அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வந்தால், நம் இகரம் அங்கே எகரம், உகரம் ஒகரம்: இலை எலெ, விலை பெலெ, குடை கொடெ, புகை ஹொகெ. எனக்கு மிகப் பிடித்த விதி இது. அகராதியைத் தொடாமலே ‘பெரளு’ விரல் என்று பிடிபட்டுவிடும்.

சறுக்கும் இடம் வடசொற்கள். புஸ்தக, பத்ர போன்றவை பகரத்தை இழக்கவில்லை; ஹஸ்த, ஹ்ருதய போன்றவற்றில் ஹகரம் பிறவியிலேயே உள்ளது. மகாப்பிராண எழுத்தோ ஷ, க்ஷ போன்றவையோ கண்ணில் பட்டால் சாவியைப் பைக்குள் போட்டுவிடலாம். ஹோட்டலைப் போட்டலாக்கிப் பார்ப்பதும் வீண்வேலை!

ஒலி பொருந்தினாலும் பொருள் விலகும். ‘மனெ’ நம் மனைதான். ஆனால் அங்கே அது வீடு. வாசலில் ‘மனெ பாடிகெகெ இதெ’ என்று தொங்கினால், வீடு வாடகைக்கு இருக்கிறது. காலி மனையைத் தேடிப் போகாதீர்கள்.