விரியும் அண்டம் வேகமெடுப்பது ஏன்?



ஒரு பந்தை மேலே வீசினால் என்ன நடக்கும்? ஏற ஏற அதன் வேகம் குறையும். பூமி அதைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதுதான் காரணம். அண்டத்தைப் பற்றியும் 1998ஆம் ஆண்டு வரை விஞ்ஞானிகள் அப்படித்தான் எண்ணியிருந்தார்கள். அண்டம் விரிகிறது என்பது 1929இல் எட்வின் ஹபிள் வெளியிட்ட ஆய்வுக்குப் பின் ஏற்றுக்கொள்ளப்பட்ட உண்மை. நட்சத்திர மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் அந்த விரிவு நாளடைவில் தளர வேண்டும். எவ்வளவு தளர்கிறது என்று அளப்பதுதான் பாக்கி என நினைத்தார்கள்.

அதை அளக்க இரண்டு குழுக்கள் புறப்பட்டன. ஒன்றுக்கு அமெரிக்காவின் சால் பெர்ல்மட்டர் தலைவர். மற்றதை ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பிரையன் ஷ்மிட் நடத்தினார். அதில் ஆடம் ரீஸ் முக்கியப் பங்கு வகித்தார். 1998இல் இரு குழுக்களும் தனித்தனியே ஒரே முடிவுக்கு வந்தன. விரிவு தளரவில்லை, வேகமெடுக்கிறது! இந்த மூவருக்கும் 2011இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதை நாம் நம்பலாமா? இந்த இரண்டையும்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

வானத்தில் ஒரு விளக்கு

தூரத்தில் ஒரு விளக்கு தெரிகிறது. அது எத்தனை வாட் விளக்கு என்று தெரிந்தால், மங்கலாகத் தெரிவதை வைத்து அதன் தூரத்தைக் கணக்கிடலாம். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆகவே வானத்திலும் 'வாட்' தெரிந்த ஒரு விளக்கு வேண்டும்.

அந்த விளக்குதான் 'ஒன்று-ஏ' வகை சூப்பர்நோவா. நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து சுருங்கி, பூமி அளவுக்கு ஒடுங்கிவிட்டால் அதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். அப்படிப்பட்ட நட்சத்திரம் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், தமது 19ஆவது வயதில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே அந்தக் கணக்கைத் தொடங்கினார். எல்லை, சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு. பக்கத்து நட்சத்திரத்தின் வாயுவை இழுத்தோ, இன்னொரு வெள்ளைக் குள்ளனோடு மோதியோ வெள்ளைக் குள்ளன் வெடிக்கும்போது, சில வாரங்களுக்குப் பல நூறு கோடி சூரியன்களுக்குச் சமமாக ஒளி வீசுகிறது.

எல்லா வெடிப்பும் ஒரே அளவு ஒளி தருவதில்லை. ஆனால் அதிகமாக ஒளிர்வது மெதுவாக மங்கும். குறைவாக ஒளிர்வது விரைவாக மங்கும். இதை 1993இல் மார்க் பிலிப்ஸ் காட்டினார். எத்தனை நாளில் மங்குகிறது என்று கவனித்தால் அதன் உண்மையான 'வாட்' என்ன என்று திருத்திக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட வெடிப்பு ஒரு நட்சத்திர மண்டலத்தில் சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நிகழும். அதனால் ஒரே மண்டலத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க முடியாது. சிலி நாட்டு மலையில் உள்ள 4 மீட்டர் தொலைநோக்கியால், அமாவாசையை ஒட்டி ஆயிரக்கணக்கான மண்டலங்களைப் படம் எடுத்தார்கள். மூன்று வாரம் கழித்து அதே இடத்தை மறுபடியும் எடுத்தார்கள். இரண்டாவது படத்திலிருந்து முதல் படத்தைக் கணினியில் கழித்தால், புதிதாய்த் தோன்றிய புள்ளி மட்டும் மிஞ்சும். அது நடுவே கடந்துபோன சிறுகோளாகவும் இருக்கலாம், வேறு வகை வெடிப்பாகவும் இருக்கலாம். ஆகவே ஹவாயில் உள்ள பெரிய தொலைநோக்கியால் அதன் ஒளியைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஹைட்ரஜனின் அடையாளம் இல்லாமல் சிலிக்கனின் அடையாளம் இருந்தால், அது நாம் தேடும் விளக்குதான்.

ஒரு பயணக் கணக்கு

அதே ஒளியிலிருந்து இன்னொரு விவரமும் கிடைக்கிறது. ஒளி புறப்பட்ட பிறகு அண்டம் எத்தனை மடங்கு விரிந்ததோ, அத்தனை மடங்கு ஒளியின் அலைநீளமும் நீண்டு, சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். ஒரு சூப்பர்நோவாவின் ஒளி ஒன்றரை மடங்கு நீண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒளி புறப்பட்டபோது அண்டத்தில் இருந்த இடைவெளிகள் இன்றைய அளவில் மூன்றில் இரண்டு பங்குதான்.

ஆக நம் கையில் இரண்டு விவரங்கள் உள்ளன. ஒளியின் நீட்சி, அண்டம் எவ்வளவு விரிந்தது என்று சொல்கிறது. ஒளியின் மங்கல், அதற்கு எவ்வளவு காலம் ஆனது என்று சொல்கிறது.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு ஒரு கார் வருகிறது. தூரம் சுமார் 200 கிலோமீட்டர். வந்து சேரும்போது அதன் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். வழியெல்லாம் அதே வேகம் என்றால் பயணம் இரண்டு மணி நேரம். ஓட்டுநர் முதலில் விரைந்து ஓட்டி, படிப்படியாகக் குறைத்து 100க்கு வந்திருந்தால், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகியிருக்கும். முதலில் மெதுவாக ஓட்டிப் பிறகு வேகத்தைக் கூட்டியிருந்தால், அதற்கும் மேல் ஆகியிருக்கும். வழியில் நாம் காரைப் பார்க்கவே வேண்டாம். தூரம், கடைசி வேகம், பயண நேரம் மூன்றும் தெரிந்தால் ஓட்டுநர் எப்படி ஓட்டினார் என்று சொல்லிவிடலாம்.

அண்டத்துக்கும் இதே கணக்குதான். விரிவு தளர்ந்து வந்திருந்தால், ஒன்றரை மடங்கு விரியக் குறைந்த காலம் போதும். ஒளி வந்த தூரம் குறைவாக இருக்கும். சூப்பர்நோவா பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த இரு குழுக்களும் பார்த்த ஐம்பதுக்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்கள் மங்கலாகத் தெரிந்தன. எதிர்பார்த்ததைவிடச் சுமார் 10 முதல் 15 விழுக்காடு அதிகத் தூரத்தில் அவை இருந்தன. வெளிச்சமாகச் சொன்னால் ஆறில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை குறைவு. அப்படியென்றால் பயணத்துக்கு அதிக காலம் ஆகியிருக்கிறது. முன்பு மெதுவாக விரிந்த அண்டம் பிறகு வேகத்தைக் கூட்டியிருக்கிறது. தளர்ச்சி என்ற எண்ணத்தோடு ரீஸ் கணக்குப் போட்டபோது, அண்டத்திலுள்ள பொருளின் அளவு பூஜ்யத்துக்கும் கீழே போனது. அப்படி ஒரு பொருள் இருக்க முடியாது அல்லவா?

தூசு மறைத்திருக்கக் கூடாதா?

நியாயமான சந்தேகம். நடுவில் உள்ள தூசு ஒளியை மறைத்திருந்தாலும் விளக்கு மங்கும். சாதாரணத் தூசு ஒளியைச் சிவப்பாக்கும் என்பதால் அதைக் கண்டு திருத்திவிடலாம். நிறத்தை மாற்றாத சாம்பல் தூசு ஒன்று இருந்தால் என்ன செய்வது?

அதற்கும் ஒரு சோதனை இருந்தது. தூசுதான் காரணம் என்றால், தொலைவு கூடக் கூட மங்கலும் கூடிக்கொண்டே போக வேண்டும். வேகமெடுப்பதுதான் காரணம் என்றால், மிகத் தொலைவில் கதை திரும்ப வேண்டும். ஏனெனில் பழங்காலத்தில் பொருள்கள் நெருக்கமாக இருந்ததால் ஈர்ப்பு ஓங்கி, விரிவு உண்மையிலேயே தளர்ந்திருக்கும். 1997இல் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் படத்தில் பதிவான ஒரு சூப்பர்நோவாவின் ஒளி சுமார் 1,000 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்தது. அதன் ஆய்வு 2001இல் வெளியானது. தூசுக் கணக்கு சொன்னதைவிட அது பிரகாசமாகத் தெரிந்தது. பின்னர் கிடைத்த வேறு பல தொலைதூர சூப்பர்நோவாக்களும் அதையே உறுதிப்படுத்தின. முதலில் தளர்ச்சி, சுமார் 500 கோடி முதல் 600 கோடி ஆண்டுகளுக்கு முன் திருப்பம், அதன் பிறகு வேகம் என்பது தெளிவானது.

தள்ளுவது எது?

இந்தத் தள்ளலுக்குக் காரணமானதற்குத்தான் கருஞ்சக்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அண்டத்தின் மொத்த இருப்பில் அது ஏறக்குறைய 70 விழுக்காடு. கண்ணுக்குப் புலப்படாத கரும்பொருள் சுமார் 25 விழுக்காடு. நட்சத்திரங்களும் நாமும் சேர்ந்த சாதாரணப் பொருள் 5 விழுக்காடுதான்.

70 விழுக்காடு என்றதும் பயப்பட வேண்டாம். பூமியின் கன அளவுள்ள இடத்தில் இருக்கும் கருஞ்சக்தியைத் திரட்டி எடை போட்டால் சில மில்லிகிராம்தான் தேறும். அதனால்தான் நம் உடலோ, சூரிய குடும்பமோ, பால்வீதியோ விரிவதில்லை. அங்கெல்லாம் ஈர்ப்பும் மற்ற விசைகளும் பன்மடங்கு வலுவானவை. மண்டலங்களுக்கு நடுவே உள்ள மாபெரும் வெற்றிடத்தில்தான் சிறுதுளி பெருவெள்ளமாகிறது.

அது என்னவாக இருக்கலாம்? எளிமையான விடை, அது வெற்றிடத்துக்கே உரிய சக்தி என்பது. 1917இல் ஐன்ஸ்டைன் தமது சமன்பாட்டில் சேர்த்துப் பிறகு கைவிட்ட மாறிலியும் இதுதான். இடைவெளி இரண்டு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகி, பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகக் குறையும். வெற்றிடத்தின் சக்தியோ குறையாது. புதிதாய் உண்டாகும் ஒவ்வோர் இடத்திலும் அதே அளவு இருக்கும். அதனால்தான் தொடக்கத்தில் ஈர்ப்பு வென்றது, பின்னர் கருஞ்சக்தி வென்றது.

சக்தி இருந்தால் அது ஏன் தள்ள வேண்டும்? இழுத்துப் பிடித்த ரப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அதை நீட்ட நீட்ட அதில் சக்தி கூடுகிறது. அப்படிப்பட்ட இழுவிசையை 'எதிர்மறை அழுத்தம்' என்பார்கள். விரிய விரியச் சக்தி கூடும் வெற்றிடத்துக்கும் அதே குணம் உண்டு. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் ஈர்ப்பை உண்டாக்குவது அடர்த்தி மட்டுமல்ல, அதோடு அழுத்தத்தின் மூன்று மடங்கும் சேரும். வெற்றிடத்தில் அழுத்தம் அடர்த்திக்குச் சமமாக, ஆனால் எதிர்மறையாக உள்ளது. ஒன்றிலிருந்து மூன்றைக் கழித்தால் விடை எதிர்மறை. எனவே ஈர்ப்பு விலக்கலாக மாறுகிறது.

இதில் ஒரு பெரிய இடறல் உண்டு. வெற்றிடத்தின் சக்தியைக் குவாண்டம் முறையில் கணக்கிட்டால், வானத்தில் அளந்ததைவிட 1க்குப் பின் சுமார் 120 பூஜ்யம் போட்ட மடங்கு அதிகமாக வருகிறது. ஆகவே, அது காலப்போக்கில் மாறும் வேறொரு சக்தியாக இருக்கலாம் என்று சிலரும், மிகப் பெரிய தூரங்களில் ஈர்ப்பு விதியே வேறாக இருக்கலாம் என்று வேறு சிலரும் சொல்கிறார்கள்.

எது சரி என்று காண ஒரு வழி, கருஞ்சக்தி மாறுகிறதா என்று அளப்பது. அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில் 'டெஸி' என்ற கருவி, ஒரே சமயத்தில் 5,000 மண்டலங்களின் ஒளியைப் பிரித்து அண்டத்தின் வரைபடத்தைத் தயாரிக்கிறது. ஒன்றரைக் கோடி அளவிலான மண்டலங்களையும் குவாசார்களையும் கொண்டு 2025 மார்ச்சில் வெளியான அதன் முடிவை மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, கருஞ்சக்தி முன்பைவிட இப்போது வலுக்குறைந்து வருவதற்கான ஓர் அறிகுறி தெரிந்தது. ஆனால் கண்டுபிடிப்பு என்று அறிவிக்க இயற்பியலாளர்கள் வைத்திருக்கும் கடுமையான அளவுகோலை அது எட்டவில்லை. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அறிகுறியின் வலுவும் கூடிக் குறைகிறது.

அறிகுறி பொய்த்து, கருஞ்சக்தி மாறாமலே இருந்தால், வெகுகாலம் கழித்து நம் அக்கம்பக்கத்து மண்டலங்கள் தவிர மற்றவை எல்லாம் பார்வைக்கு எட்டாமல் போய்விடும். அன்று வானத்தைப் பார்ப்பவருக்கு அண்டம் விரிகிறது என்று அறியவே வழி இருக்காது. அறிகுறி மெய்யானால், இந்த வேகம் ஒருநாள் அடங்கவும் கூடும். இரண்டில் எது என்பதை இப்போது வானத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் மங்கலான ஒளிதான் சொல்ல வேண்டும்.