வேலூர் 1806: கதையை எங்கிருந்து தொடங்குவது?

1806 ஜூலை 10 அதிகாலை 3 மணியளவில், வேலூர்க் கோட்டைக்குள் இருந்த கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் உறங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியப் படையினர்மீது சுடத் தொடங்கினார்கள். கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். 69ஆம் படைப்பிரிவின் வீரர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். கோட்டையில் திப்பு சுல்தானின் புலிக்கொடி ஏறியது. தப்பி வந்தவர் சொன்ன சேதி ஆற்காட்டை எட்டியதும், அங்கிருந்த கில்லஸ்பி தன் குதிரைப்படையுடன் சுமார் 25 கிலோமீட்டரைக் கடந்து காலையிலேயே வந்து சேர்ந்தார். பின்னால் வந்த பீரங்கிகள் வாயிற்கதவைத் தகர்த்தன. நண்பகலுக்குள் எல்லாம் முடிந்தது. உயிரிழந்த சிப்பாய்களின் எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறுகிறது; 350 என்பதே பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இந்த வரிசையில் வரலாற்றாசிரியர்களுக்கிடையே பெரிய தகராறு இல்லை. அன்று காலை நடந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்டால்தான் ஆளுக்கொரு திசையில் போகிறார்கள். யார் என்ன சொன்னார் என்று பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொருவரும் கதையை எந்த ஆண்டில் தொடங்குகிறார் என்று கவனிப்பது புதிதாகப் படிப்பவருக்கு எளிய வழி. தொடக்கம் மாறினால் காரணமும் மாறிவிடுகிறது.

மிகப் பழைய விளக்கம் கதையை 1805 நவம்பரில் தொடங்குகிறது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் சிப்பாய்களுக்குப் புதிய தலைப்பாகை ஒன்றை அப்போது கொண்டுவந்தார். பார்வைக்கு அது ஐரோப்பியத் தொப்பியை நினைவூட்டியது. அதில் தோலால் ஆன குஞ்சம் ஒன்றும் இருந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் வந்த விதிகள், சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசை எல்லாருக்கும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்றன. இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒரே தாளில் புண்படுத்திய விதிகள் இவை. அந்த மே மாதமே வேலூரில் இருந்த நான்காம் படைப்பிரிவின் சிப்பாய்கள் தலைப்பாகையை ஏற்க மறுத்தார்கள். விசாரணைக்குப் பின் ஒரு முஸ்லிம், ஓர் இந்து என இரண்டு ஹவில்தார்களுக்குத் தலா 900 கசையடி விதிக்கப்பட்டது. அந்தப் படை வேலூரிலிருந்து மாற்றப்பட்டது, தலைப்பாகை மாறவில்லை.

அப்போது கடப்பை, பெல்லாரி பகுதிகளை நிர்வகித்துவந்த தாமஸ் மன்றோவும் இந்தப் பக்கமே சாய்ந்தார். சிப்பாய்களைக் கிறிஸ்தவர்களாக்கவே இந்த ஏற்பாடு என்று விவரம் தெரிந்தவர்களே நம்புவதாக அவர் ஆளுநர் பென்டிங்குக்கு எழுதினார். இந்த விளக்கத்தின் பலம் அதன் நெருக்கத்தில் இருக்கிறது: ஆணை வந்தது, எதிர்ப்பு வந்தது, தண்டனை வந்தது, இரண்டு மாதத்தில் துப்பாக்கி வெடித்தது. ஆனால் தலைப்பாகை மட்டுமே காரணமென்றால் கோட்டையில் எதற்குப் புலிக்கொடி என்ற கேள்வி நிற்கிறது.

இரண்டாவது விளக்கம் அந்தக் கொடியிலிருந்து பின்னோக்கி நடந்து 1799 மே 4க்குப் போகிறது. அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு மாண்டார். அவருடைய மகன்களையும் குடும்பத்தாரையும் கம்பெனி வேலூர்க் கோட்டைக்குள்ளேயே குடியமர்த்தியது. அவர்களை அண்டி மைசூர்க்காரர்கள் பலர் ஊரைச் சுற்றிக் குடியேறினார்கள். கிளர்ச்சிக்கு முந்தைய நாள் கோட்டையில் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணம். மைசூர் அரசை மீட்க இளவரசர்கள் செய்த சதி இது, தலைப்பாகை வெறும் சாக்கு என்பது இந்தத் தரப்பின் வாதம்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆகவேண்டும்: இந்த விளக்கம் அன்று யாருக்கு வசதியாக இருந்தது? சதி என்று நிறுவப்பட்டால் கிரடாக்கின் ஆணைமீது பழி விழாது. ஆளுநர் பென்டிங்கோ, விதித்தொகுப்பில் இருந்த அந்தப் பத்தி தம் கண்ணில் படவே இல்லை என்றார். அரசு அமைத்த விசாரணைக் குழு, ஆடை விதிகள், திப்பு குடும்பத்தின் இருப்பு ஆகிய இரண்டையும் காரணங்களாகக் குறித்தது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் 1807இல் கிரடாக், பென்டிங் இருவரையுமே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கு வசதியான விளக்கம் என்பதாலேயே அது பொய்யாகிவிடாது. சாட்சியத்தை இரண்டு முறை பார்க்க அது ஒரு காரணம், அவ்வளவே. அப்படிப் பார்த்தால், இளவரசர்கள் கிளர்ச்சியை முன்னின்று நடத்தினார்கள் என்பது உறுதியாக நிறுவப்படவில்லை. மொய்சுதீன்மீது சந்தேகம் வலுவாக இருந்தும் தூக்குமேடை ஏறியவர்கள் சிப்பாய்கள்தாம். குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

லண்டனில் இதே நிகழ்ச்சி வேறொரு சண்டைக்கு விறகானது. கிறிஸ்தவ மிஷனரிகளை இந்தியாவுக்குள் விடலாமா என்று வாதிட்டுக்கொண்டிருந்தவர்கள் 1807, 1808 ஆண்டுகளில் துண்டுநூல்களை எழுதிக் குவித்தார்கள். எதிர்த்தவர்களுக்கு வேலூர் எச்சரிக்கை மணியாகத் தெரிந்தது. ஆதரித்தவர்கள் வேலூருக்கும் மிஷனரிகளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டார்கள். அந்த நூல்கள் வேலூரைவிட லண்டனைப் பற்றியே அதிகம் சொல்கின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு எழுதியவர்களின் கண்ணுக்கு நிலப்பரப்பே விரிந்தது. 1799இல் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார்; 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். கே. ராஜய்யன் 1971இல் வெளியிட்ட நூலில் 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சியையே முதல் சுதந்திரப் போர் என்றார். வேலூரைத் தனியே ஆராய்ந்த பெ. சின்னையன் 1982இல் அதை ஆங்கிலேயருக்கு எதிரான முதல் எழுச்சியாக நிறுத்தினார். எது முதல் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. ஆனால் கோட்டைச் சுவருக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே பக்கம்.

இந்தப் பார்வைக்குக் கையில் எடுத்துக் காட்டத்தக்க சான்று ஒன்று உண்டு. 1801 ஜூனில் சின்ன மருது பெயரில் திருச்சியில் ஒட்டப்பட்ட அறிக்கை, பொதுமக்களோடு நிற்காமல் கம்பெனிப் படையில் வேலைசெய்யும் சுபேதார், ஜமேதார், ஹவில்தார், நாயக், சிப்பாய் எல்லாரையும் பதவி பதவியாக விளித்தது. ஆகவே சிப்பாய்களைக் கம்பெனிக்கு எதிராகத் திருப்பும் எண்ணம் வேலூருக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் புழங்கியிருக்கிறது. அந்த அறிக்கையைப் படித்தவர்களோ கேட்டவர்களோ 1806இல் வேலூர்க் கோட்டையில் இருந்தார்களா என்பதுதான் நிறுவக் கடினமான கண்ணி. எண்ணம் புழங்கியது என்பதற்கும் அது இவர்களை இயக்கியது என்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளியை ஆர்வம் மிகுந்த எழுத்தாளர்கள் ஒரே தாண்டாகத் தாண்டிவிடுவதுண்டு.

அண்மைக்கால ஆய்வுகளில் இன்னொரு போக்கு பார்வையைப் படைக்குள்ளேயே திருப்புகிறது. ஜேம்ஸ் ஹூவர் 2007இல் வெளியிட்ட நூல் சென்னைப் படையில் அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் இடையே நடந்த பேச்சு, ஒழுங்கு, மனக்குறை ஆகியவற்றைப் பின்தொடர்கிறது. இந்தக் கோணத்தில் கதை 1796ஆம் ஆண்டின் படைச் சீரமைப்புவரை போகும். அதன்பின் படைப்பிரிவுகளில் ஐரோப்பிய அதிகாரிகள் பெருகினார்கள். இந்திய அதிகாரிகளின் செல்வாக்கு சுருங்கியது. சிப்பாயின் முணுமுணுப்பு மேலிடத்துக்குப் போய்ச்சேரும் வழி அடைபட்டது.

இதைச் சோதித்துப் பார்க்க ஹைதராபாத் உதவுகிறது. அதே தலைப்பாகை, அதே 1806 ஜூலை, அங்கும் சிப்பாய்களிடையே அதே கொதிப்பு. அங்கிருந்த தளபதி கர்னல் மான்ட்ரெசர் ஆணையைத் தாமாகவே நிறுத்திவைத்தார். பெரும் கலகம் மூளவில்லை. வேலூரிலோ முஸ்தபா பேக் என்ற சிப்பாய் ஜூன் மாதமே தன் அதிகாரியிடம் வந்து சதி நடக்கிறது என்று சொன்னார். அதை விசாரிக்கும் பொறுப்பு இந்திய அதிகாரிகளிடமே போனது. அவர்கள் அவரைப் பைத்தியம் என்றார்கள், அவர் விலங்கிடப்பட்டார். கிளர்ச்சி அடங்கியபின் அவருக்கு 2000 வராகன் பரிசு கிடைத்தது. ஹைதராபாத்தில் திப்புவின் மகன்கள் இல்லை, கொதிப்பு இருந்தது. இது சதி விளக்கத்தை இளக்குகிறது. தலைப்பாகை இரண்டு இடத்திலும் இருந்தது, ரத்தம் ஓரிடத்தில்தான் ஓடியது. இது தலைப்பாகை விளக்கத்தையும் இளக்குகிறது.

ஒரே செய்தியை இரண்டு தரப்பும் தமக்குச் சாதகமாகப் படிப்பதும் உண்டு. கோட்டையைப் பிடித்த சிப்பாய்களில் பலர் அடுத்த சில மணி நேரத்தில் கொள்ளையில் இறங்கினார்கள். கிடைத்த பொருளோடு வெளியேறியவர்களும் உண்டு. ஆற்காட்டிலிருந்து படை வரக்கூடும் என்று தெரிந்தும் வாயிற்காவல் சரியாகப் போடப்படவில்லை. அரசியல் திட்டம் எதுவும் இல்லை, வெறும் கோபம்தான் என்பதற்கு இதுவே சான்று என்கிறது ஒரு தரப்பு. திட்டம் இருந்தது, குறித்த நாளுக்கு முன்பே வெடித்ததால் குலைந்தது என்கிறது மற்றது. இரண்டாவதை ஏற்க வேண்டுமானால் திட்டம் இருந்தது என்பதற்கு இந்தக் குழப்பத்துக்கு வெளியே தனிச் சான்று தேவை. அது பெரும்பாலும் விசாரணையில் பதிவான வாக்குமூலங்களில்தான் இருக்கிறது.

அந்த வாக்குமூலங்களைத் தந்தவர்கள் பிடிபட்ட சிப்பாய்களும் அரண்மனை ஊழியர்களும். உயிர்ப்பிச்சையோ பரிசோ கிடைக்கலாம் என்ற நிலையில் பேசியவர்களும் அவர்களில் உண்டு. அவர்கள் இந்துஸ்தானியிலும் தமிழிலும் தெலுங்கிலும் பேசியது ஆங்கிலத்தில் எழுதப்பட்டே நம்மிடம் வந்திருக்கிறது. கேள்வி கேட்டவர்கள் இளவரசர்களைப் பற்றிக் கேட்டால் இளவரசர்களைப் பற்றிய பதில் பதிவானது. சம்பளத்தையும் குடும்பக் கஷ்டத்தையும் பற்றிக் கேட்காத இடத்தில் அவை பதிவாகவில்லை. எனவே ஒரு நூல் வாக்குமூலத்தை மேற்கோள் காட்டும்போது, அது எந்தத் தேதியில், யார் முன்னால், என்ன கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்குத் தண்டனைகளுக்கு முன் சொன்னதற்கும் பின் சொன்னதற்கும் எடை ஒன்றல்ல.