மினுக்கும் ரன், பிடிக்காத வெல்டு

பெயின்ட் அடித்துவிட்டால் எல்லா வெல்டும் நல்ல வெல்டுதான். பெயின்டுக்கு முன்னால், கசடைத் தட்டி எடுத்து வயர் பிரஷ் போட்டவுடன் இணைப்பு நெடுகத் தெரிகிற அந்த உலோக வரியைப் பட்டறையில் ‘ரன்’ என்பார்கள். விஷயம் தெரிந்தவர் அதைப் பார்த்தே வெல்டரின் கை எப்படிப் போனது என்று சொல்லிவிடுவார். கரண்ட் கூடிப்போனதா, ராடு தூரமாக நின்றதா, அவசரப்பட்டாரா, தகட்டைத் துடைக்காமலே ஆரம்பித்தாரா எல்லாம் தெரியும். ஒன்றே ஒன்று மட்டும் பெரும்பாலும் தெரியாது. ஆபத்தானது அதுதான்.

கேட், கிரில், மாடிப்படி, டிரெய்லர் என்று நம் ஊர்ப் பட்டறைகளில் நடக்கிற வேலையில் பெரும்பகுதி ராடு வெல்டிங்தான். ராடின் முனைக்கும் தகட்டுக்கும் நடுவே எரியும் ஆர்க், தகட்டின் ஓரத்தையும் ராடையும் ஒன்றாக உருக்குகிறது. விரல் நகம் அளவுக்கு ஒரு திரவக் குட்டை உண்டாகிறது. ராடு நகர நகர, பின்னால் இருக்கும் குட்டை சில நொடிகளில் உறைந்துவிடுகிறது. நாம் பார்க்கப்போகும் மூன்று குறைகளும் இந்தச் சில நொடிகளில் நடப்பவை. உறைவதற்குள் வாயு வெளியேறாவிட்டால் அது போரோசிட்டி. உருகிக் கரைந்த ஓரம் திரும்ப நிரம்பாவிட்டால் அண்டர்கட். தகடு உருகாமலே ராடின் உலோகம் அதன்மேல் விழுந்து உறைந்தால் ஃபியூஷன் இல்லை.

போரோசிட்டியைக் கண்டுபிடிக்க அனுபவம் தேவையில்லை. ரன் மேல் குண்டூசி குத்தினாற்போல் துளைகள் இருக்கும். பார்க்க அசிங்கமாக இருப்பதால் எல்லோரும் முதலில் குறை சொல்வது இதைத்தான். ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிறு துளை இருந்தால் சாதாரண கேட்டில் அதனால் பெரிய கேடில்லை. கொத்தாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். வெளியே நாலு துளை என்றால் உள்ளே அதைவிட அதிகம் இருக்கலாம். தண்ணீர்த் தொட்டி, குழாய் என்றால் ஒரு துளையே போதும், ஒழுகும்.

வாயு எங்கிருந்து வருகிறது என்று தேடினால் அநேகமாக மூன்று இடம்தான். முதலாவது தகடு. துரு, எண்ணெய், பழைய பெயின்ட் எல்லாம் ஆர்க்கின் சூட்டில் வாயுவாகும். ஜி.ஐ. குழாய் இன்னும் மோசம். அதன்மேல் பூசியிருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கோ ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். ஆகவே குட்டை உண்டாகும்போதே அடியிலிருந்து ஆவி குமிழிவிட்டுக்கொண்டு வருகிறது. இணைப்பின் இரண்டு பக்கமும் ஒரு அங்குலம் கிரைண்டர் போட்டுப் பூச்சை எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். அந்த வெள்ளைப் புகையை இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும் என்பதும் பட்டறைக்காரர்களுக்குத் தெரிந்ததே.

இரண்டாவது, ராடின் மேல்பூச்சில் ஏறிய ஈரம். மழைக்காலத்தில் திறந்த பாக்கெட்டைத் தரையில் போட்டு வைத்தால் போதும். கிரில் வேலைக்கு வரும் 6013 ராடு கொஞ்சம் ஈரத்தைத் தாங்கும். 7018 போன்ற லோ ஹைட்ரஜன் ராடு தாங்காது. அதை 300 டிகிரிக்கு மேல் ஓவனில் ஒரு மணி நேரமாவது சுட்டு, பிறகும் சூடான பெட்டியிலேயே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பயன்படுத்த வேண்டும். வெயிலில் காய வைப்பது இதற்கு ஈடாகாது. மூன்றாவது காற்று. ராடு தகட்டை விட்டுத் தள்ளி நின்றால் ஆர்க் நீளமாகி, சுற்றியுள்ள காற்று உள்ளே புகுந்துவிடுகிறது. ராடின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் இடைவெளி இருக்கலாம், அதற்கு மேல் கூடாது. கார்பன் டை ஆக்சைடு வைத்து வேலை செய்பவர்கள் பக்கத்தில் ஓடும் ஸ்டாண்டு ஃபேனைத் திருப்பி வைத்தாலே பாதித் துளைகள் நின்றுவிடும்.

துளை விழுந்த ரன் மேல் இன்னொரு ரன் ஓட்டினால் மூடிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. மூடாது. அடியில் இருக்கும் வாயு மேல் ரன்னிலும் குமிழிவிடும். நல்ல உலோகம் தெரியும்வரை கிரைண்டரால் எடுத்துவிட்டு மறுபடி போடுவதுதான் வழி.

அண்டர்கட் இன்னும் நுணுக்கமானது. ரன்னின் ஓரத்தில், வெல்டும் தகடும் சந்திக்கும் இடத்தில், தகட்டை அரித்தாற்போல் ஒரு பள்ளம் ஓடும். நகத்தை ஓரமாக ஓட்டினால் சிக்கும். கரண்ட் அதிகம், ஆர்க் நீளம், வேகம் அதிகம், சாய்வு தப்பு ஆகிய நான்கில் ஒன்றோ இரண்டோ சேர்ந்திருக்கும். படுத்த தகட்டின் மேல் ஒரு தகட்டை நிறுத்தி மூலையில் ரன் ஓட்டும்போது, பள்ளம் பெரும்பாலும் நின்ற தகட்டில்தான் விழும். உருகிய உலோகம் தன் எடையால் கீழே இறங்கிவிடுவதே காரணம். பக்கவாட்டில் ஆட்டி ஓட்டுபவர்கள் இரண்டு ஓரத்திலும் கண நேரம் நிற்க வேண்டும். நடுவில் நிற்கத் தேவையில்லை, அது தானாக நிரம்பும். பலர் இதைத் தலைகீழாகச் செய்வதால்தான் நடுவில் மேடும் ஓரங்களில் பள்ளமும் வருகின்றன.

இந்தப் பள்ளம் எவ்வளவு ஆழம்வரை பரவாயில்லை? கட்டடங்களுக்கான அமெரிக்க வெல்டிங் விதி, 25 மி.மீ.க்குக் குறைந்த தகட்டில் பொதுவாக 1 மி.மீ. வரை விட்டுவைக்கிறது. ஆனால் சுமை ஏறி ஏறி இறங்கும் இடத்தில், இழுவிசைக்குக் குறுக்கே போகும் முக்கிய வெல்டானால் 0.25 மி.மீ.தான் எல்லை. மேடு பள்ளத்தில் ஓடும் டிரெய்லருக்கும் அசையாமல் நிற்கும் ஜன்னல் கிரில்லுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பள்ளத்தின் அடியில் விசை குவிந்து, விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். திருத்துவது எளிது. பள்ளத்தைத் துடைத்துவிட்டு 2.5 மி.மீ. ராடால் மெல்லிய ரன் ஒன்றை அதன்மேல் ஓட்டினால் போதும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத குறை. 6 மி.மீ. தடிமனில், 15 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டுத் தகடு, கடையில் 10 கேஜ் என்று கேட்டு வாங்கும் 3.15 மி.மீ. 6013 ராடு, இவற்றை வைத்துப் பயிற்சிக் கூடங்களில் செய்கிற சோதனை ஒன்று உண்டு. ஒன்றைப் படுக்க வைத்து, மற்றதை நடுவில் செங்குத்தாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டு செய்வார்கள். ஆறியதும், வெல்டு இல்லாத பக்கத்திலிருந்து சுத்தியலால் அடித்து, நின்ற தகட்டை வெல்டின் மேலேயே மடக்குவார்கள்.

புதிதாகக் கற்பவர் 85 ஆம்பியரில் ஆரம்பிப்பார். கரண்ட் குறைவாக இருந்தால் குட்டை அடங்கி நிற்கும், பயம் இல்லை. கசடைத் தட்டினால் ரன் மினுமினுப்பாக, கயிறு போட்டாற்போல் உருண்டு அழகாக இருக்கும். துளை இல்லை, பள்ளம் இல்லை. மாஸ்டர் இரண்டு அடி அடிப்பார். தகடு கழன்று விழும். உடைந்த முகத்தைத் திருப்பிப் பார்த்தால், மூலையின் அடியில் தகட்டின் பழைய ஓரம் நேர்கோடாக, வெட்டியபடியே இருக்கும். ஆலையிலிருந்து வந்த கருநீலப் படலம்கூடக் கலையாமல் மின்னும். அங்கே இரும்பு உருகவே இல்லை. உண்மையில் பிடித்த இடம் மட்டும் கரகரவென்று மணல்மணலாகக் கிழிந்திருக்கும்.

“பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு மாஸ்டர்?”

“நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. தகட்டுல பிடிக்கலையே.”

அடுத்த துண்டில் மாணவர் 140 வைப்பார். இந்த முறை மூலை உருகிவிடும், ஆனால் நின்ற தகட்டில் அண்டர்கட் ஓடும். பள்ளத்தைக் கண்டு பயந்து மறுபடி 90க்கு இறக்கினால் பழைய கதைதான். வேலை பழகியவர்களே சறுக்கும் இடம் இது. அண்டர்கட்டுக்கு மருந்தாகக் கரண்டை மட்டும் குறைத்துக்கொண்டே போனால், தெரிகிற குறை போய்த் தெரியாத குறை வந்து உட்காரும். 115 அல்லது 120 ஆம்பியரில் நிறுத்தி, மற்றதைக் கையில் திருத்த வேண்டும். இரண்டு தகட்டுக்கும் நடுவே 45 டிகிரியில் ராடு இருக்கட்டும். போகும் திசைப் பக்கம் ராடின் மேல்பகுதி 10 முதல் 20 டிகிரி சாயட்டும். அப்போதுதான் ஆர்க்கின் வேகம் கசடைப் பின்னால் தள்ளும். ராடை நேராக நிறுத்தினாலோ மெதுவாகப் போனாலோ கசடு முன்னால் ஓடி மூலையை மூடிவிடும், ஆர்க் தகட்டைத் தொடவே தொடாது. பார்வையும் குட்டையின் நடுவில் இருக்கக் கூடாது, அதன் முன் விளிம்பில், மூலை உருகுகிறதா என்பதில் இருக்க வேண்டும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 35 செ.மீ. நீளமுள்ள 10 கேஜ் ராடு ஒன்று முழுக்க எரிந்தால், காலளவு 5 மி.மீ. உள்ள மூலை வெல்டு ஏறக்குறைய 15 செ.மீ. வரும். அதாவது இந்தத் துண்டுக்கு ஒரு ராடு. அதே ராடை 30 செ.மீ. இழுத்தால் காலளவு 4 மி.மீ.கூடத் தேறாது. இப்படிப் போட்ட துண்டை அடித்தால் அது உடையாமல் மடங்கிப் படுத்துக்கொள்ளும், அல்லது உடைந்தாலும் மூலைவரை கரகரப்பாகக் கிழியும். இரண்டும் பாஸ்தான்.

பாய்லர் வேலையில் துண்டை உடைத்துப் பார்த்ததோடு விடுவதில்லை, ஓடும் வேலையையே எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எக்ஸ்ரேயில் போரோசிட்டி கரும்புள்ளியாகப் பளிச்சென்று விழும். ஃபியூஷன் இல்லாத இடம் காகிதம்போல் மெல்லிய இடைவெளி என்பதால், கதிர் அதே கோணத்தில் போனாலொழிய படத்தில் தப்பிவிடலாம். அதனால்தான் அல்ட்ராசோனிக் கருவியையும் ஓட்டுகிறார்கள். இப்படி அகப்பட்ட வெல்டைத் தேய்த்து ஒப்பேற்ற முடியாது. பிடிக்காத இடம் தெரியும்வரை தோண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும்.

கேட்டோ மாடிப்படியோ செய்யக் கொடுத்திருப்பவர்கள், ரெட் ஆக்சைடு அடிப்பதற்கு முதல் நாள் பட்டறைக்கு ஒரு நடை போய் வாருங்கள். துளைக் கொத்து, நகம் சிக்கும் பள்ளம், தகட்டில் படியாமல் உருண்டு நிற்கும் ரன் மூன்றையும் டார்ச் வெளிச்சத்தில் தேடுங்கள். கேட்டின் எடை முழுவதும் தொங்குகிற கீலுக்கு மட்டும், அதே தகடு, அதே ராடு, அதே கரண்டில் ஒரு துண்டு போட்டு உடைத்துக் காட்டச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை, ஒரு ராடு செலவு.