முப்பது நிமிட மோட்டார்

மின்மோட்டாரின் தகட்டில் கிலோவாட், வோல்ட், ஆம்பியர், வேகம் இவற்றோடு ‘எஸ்1’, ‘எஸ்2 30 நிமிடம்’, ‘எஸ்3 40%’ என்பது போன்ற ஒரு சிறு குறிப்பும் இருக்கும். அந்த மோட்டார் எப்படி ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதை அது சொல்கிறது. ஐஇசி 60034-1 என்ற பன்னாட்டுத் தர நெறி இப்படிப் பத்துப் பணிமுறைகளை வகுத்திருக்கிறது. எஸ்1 என்றால் மாறாத சுமையில் நிறுத்தாமல் ஓடுவது. எஸ்2 என்றால் குறித்த நேரம் மட்டும் ஓடி, பிறகு முழுவதும் ஆறும்வரை நிற்பது. எஸ்3 என்றால் ஓட்டமும் ஓய்வும் மாறி மாறி வருவது. 40% என்பது பத்து நிமிடச் சுற்றில் நான்கு நிமிடம் ஓட்டம், ஆறு நிமிடம் ஓய்வு. மற்ற ஏழும் அடிக்கடி ஸ்டார்ட் செய்வது, மின்தடையிட்டு நிறுத்துவது, சுமையும் வேகமும் மாறுவது போன்றவற்றைக் கணக்கில் எடுப்பவை. தகட்டில் எதுவும் குறிக்கப்படவில்லை என்றால் எஸ்1 என்றே கொள்ள வேண்டும்.

தகட்டில் உள்ள கிலோவாட், மோட்டார் இழுக்கக்கூடிய உச்ச சக்தி அல்ல. குறித்த பணிமுறையில் ஓடும்போது வைண்டிங் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தரக்கூடிய சக்தி அது. சாதாரண மோட்டார் கொஞ்ச நேரத்துக்கு அதைப்போல ஒன்றரை மடங்குகூட இழுக்கும். அதற்கு விலையாகக் கம்பியின் மேலுள்ள காப்புப் பூச்சு சூடேறுகிறது. ‘பி’ வகைக் காப்பு 130 டிகிரி செல்சியஸ் வரையும், ‘எஃப்’ வகை 155 டிகிரி வரையும் தாங்கும். எல்லைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் வழங்கும் தோராயக் கணக்கு. சுற்றுக் காற்று 40 டிகிரி என்று வைத்துக்கொண்டு, ‘பி’ வகையில் வைண்டிங்கின் சராசரிச் சூடு அதற்கு மேல் 80 டிகிரி ஏறலாம் என்று அனுமதிக்கிறார்கள். மிச்சமுள்ள பத்து டிகிரி, சராசரியைவிட அதிகம் சூடாகும் இடங்களுக்காக.

சூடு ஏறுவதற்கு நேரம் பிடிக்கும் என்பதில்தான் பணிமுறைகளின் சூட்சுமம் இருக்கிறது. கனத்த தோசைக்கல் மெதுவாகக் காய்ந்து மெதுவாக ஆறுவதைப்போல, இரும்பும் செம்பும் நிறைந்த மோட்டாரும் மெதுவாகவே காய்கிறது. இந்த மந்தத்தை அளக்கும் எண்ணே வெப்பக்கால மாறிலி. மாறாத சுமையில் ஓடும் மோட்டார் கடைசியில் எட்டப்போகும் சூட்டேற்றத்தில் 63 விழுக்காட்டை எட்ட எடுக்கும் நேரம் அது. அதைப்போல மூன்று மடங்கு நேரத்தில் 95 விழுக்காடு ஏறிவிடும். மோட்டார் பெரிதாகப் பெரிதாக இந்த எண்ணும் பொதுவாகக் கூடும்.

ஓர் அணையின் மதகுக் கதவை எடுத்துக்கொள்ளலாம். கதவைத் தூக்க 10 கிலோவாட் வேண்டும், தூக்கி முடிக்க 30 நிமிடம் ஆகும், மோட்டாரின் மாறிலி 60 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். அரை மணியில் மோட்டார் தன் இறுதிச் சூட்டேற்றத்தில் 39 விழுக்காட்டைத்தான் தொடும். ஆகவே உள்ளே உண்டாகும் வெப்பம் எஸ்1 அளவைப்போல இரண்டரை மடங்கு இருந்தாலும் எல்லை தாண்டாது. செம்பில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். இரும்பில் எழுவது பெரிதாக மாறாது. முழுச் சுமையில் இரும்பு இழப்பு செம்பு இழப்பில் பாதி என்றால், சுமையை 1.8 மடங்குவரை ஏற்றலாம் என்று கணக்கு வருகிறது. அதாவது 5.5 கிலோவாட் எஸ்1 மோட்டாரே சூட்டளவில் போதும்.

ஆனால் முறுக்குவிசையையும் பார்த்தாக வேண்டும். அந்த மோட்டாரின் உச்ச முறுக்குவிசை அதன் முழுச்சுமை விசையைப்போல 2.2 மடங்கு என்போம். முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் பத்து விழுக்காடு குறைந்தால் 2.2 மடங்கு 1.78 ஆகிவிடும். கதவு கேட்பதோ 1.8. வோல்டேஜ் இறங்கும் ஒரு நாளில் கதவு பாதியில் நின்றுவிடும். எனவே 7.5 கிலோவாட்டே சரியான தேர்வு.

அந்த 7.5 கிலோவாட் மோட்டார் 10 கிலோவாட் சுமையை நிறுத்தாமல் இழுத்தால் சூட்டேற்றம் 120 டிகிரியைத் தாண்டும், காப்பு வெந்துபோகும். அரை மணியில் ஏறுவதோ 48 டிகிரிதான். எல்லையான 80-ஐத் தொட ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரே கதவைத் தூக்கி நிறுத்தும்வரை கவலையில்லை.

வெள்ளக் காலத்தில் நிலைமை வேறு. ஓடும்போது காற்று வீசிய விசிறி, மோட்டார் நின்றதும் தானும் நின்றுவிடுகிறது. அதனால் ஆறும்போது மாறிலி கூடிவிடும். இங்கே 120 நிமிடம் என்று கொள்ளலாம். எஸ்2 விதிப்படி மோட்டாரின் சூடு, சுற்றுக் காற்றைவிட இரண்டு டிகிரிக்குள் இறங்கிய பிறகே அடுத்த ஓட்டம். 48 டிகிரியிலிருந்து அந்த அளவுக்கு இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அவசரத்தில் அரை மணி ஓட்டம், அரை மணி ஓய்வு என்று திரும்பத் திரும்ப இயக்கினால் இரண்டாவது ஓட்டத்தின் முடிவில் சூட்டேற்றம் 70 டிகிரி, மூன்றாவதில் 81. அதற்கு மேல் மெல்ல ஏறி 91-ல் நிலைக்கும். முதல் இரண்டு ஓட்டங்களைப் பார்த்து ‘தாங்குகிறது’ என்று நம்பிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. ‘எஃப்’ வகைக் காப்பு இங்கே கைகொடுக்கும். அதற்கு 105 டிகிரி ஏற்றம் அனுமதி. எனவே 91 அதன் எல்லைக்குள் அடங்கிவிடும். மதகு மோட்டாருக்குச் செலவழிக்கத் தகுந்த இடம் இதுவே.

எஸ்3 முறையில் பத்து நிமிடச் சுற்று மாறிலியைவிட மிகக் குறுகியது. அதனால் சூடு ஒரு சராசரியைச் சுற்றிச் சிறிதே ஏறி இறங்கும். இங்கே சராசரி வெப்ப இழப்பைப் பார்த்தால் போதும். ஸ்டார்ட் ஆகும் வெப்பத்தை எஸ்3 கணக்கில் எடுப்பதில்லை என்பதை மட்டும் மறக்கக் கூடாது. நேரடியாக ஸ்டார்ட் ஆகும்போது மின்னோட்டம் ஆறு மடங்கு என்றால் செம்பில் வெப்பம் 36 மடங்கு. மணிக்குப் பல முறை ஏறி இறங்கும் கிரேன் மோட்டாருக்கு எஸ்4-தான் பொருந்தும்.

இந்தக் கணக்கு முழுவதும் மோட்டாரை ஒரே உடலாகக் கருதுகிறது. உண்மையில் வைண்டிங்கின் சொந்த மாறிலி சில நிமிடங்கள்தான். சுழலாமல் சிக்கிக்கொண்ட மோட்டாரில் செம்பு சில நொடிகளிலேயே கொதித்துவிடும். உடலிலுள்ள இரும்பு அந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ள நேரமிருக்காது. உடலைத் தொட்டுப் பார்த்து உள்ளே எவ்வளவு சூடு என்று சொல்ல முடியாததும் இதனால்தான். அளக்கச் சரியான வழி வைண்டிங்கின் மின்தடை. 30 டிகிரியில் 2.00 ஓம் இருந்த செம்புச் சுருள், மோட்டாரை நிறுத்திய உடனே 2.60 ஓம் காட்டினால் அதன் சூடு ஏறக்குறைய 109 டிகிரி.

ஓவர்லோடு ரிலேயும் இதே காரணத்தால் ஏமாற்றக்கூடும். அதன் இரட்டை உலோகப் பட்டை மோட்டாரைவிட மிக விரைவில் ஆறிவிடுகிறது. ட்ரிப் ஆனதும் சில நிமிடங்களில் ரீசெட் செய்து ஓட்டினால், ரிலே குளிர்ந்திருக்கும், வைண்டிங் குளிர்ந்திருக்காது. குறுகிய நேரமோ விட்டு விட்டோ ஓடும் மோட்டாருக்கு வைண்டிங்குக்குள்ளேயே பதித்த தெர்மிஸ்டரே நம்பகமான காவல். அது மின்னோட்டத்தைக்கொண்டு ஊகிக்காமல், பதித்த இடத்தின் சூட்டையே நேராக உணர்கிறது.